ஒற்றை அறைக்குள் ஒரு மாடி

டெப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் ஓட்டுகிறாள். அதனால் 'முதல்வண்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் பெருமைதான். ஊர் கண் விழிக்கும் முன்னால் வெறும் ரோட்டில் நாற்பதடி பஸ்ஸைச் சும்மா தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போவதில் ஒரு சுகம் உண்டு என்பாள். அந்தச் சுகத்துக்கு அவள் கொடுத்த விலை, இரவு எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்பது. நாற்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது கேட்டால், "பேச வந்தவங்க எல்லாம் எட்டரைக்கு மேல வந்தாங்க. நான் தூங்கிட்டேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

நாலாவது மாடியில் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்ததும் இடது பக்கம் சமையல் மேடை, வலது பக்கம் குளியலறை. அதைத் தாண்டினால் பதினெட்டடி நீளம், பதினோரடி அகலத்தில் அறை. கோடியில் ஒரே ஒரு ஜன்னல், ஆனால் பெரிய ஜன்னல். நட்டநடுவில் கட்டில். அந்தக் கட்டிலில்தான் அவள் தூங்கினாள், சாப்பிட்டாள், துணி மடித்தாள், டிவி பார்த்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் கட்டிலில்தான் உட்காரச் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் படுக்கையில் எப்படி உட்காருவது என்று வந்தவர்கள் நெளிவார்கள். மீட்டர் பார்க்க வந்தவர்கூடச் செருப்போடு வாசலிலேயே நின்று எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார். நாளடைவில் யாரும் வராமல் போனார்கள். பதினோரு வருஷம் அப்படி ஓடியது. அவளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

பிறகு அம்மா வந்தாள்.

அம்மா குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். "வேற வீடு பார்க்கிற வரைக்கும்" என்று இரண்டு சூட்கேஸ், ஒரு டிவி, ஒரு பிரஷ் டப்பா, மிச்சமிருந்த பெயின்ட் டப்பாக்களோடு வந்து இறங்கினாள். மூன்றே வாரத்தில் வேறு வீடு பார்க்கும் பேச்சு காணாமல் போனது. மகளும் அதைத் தேடவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தாறு வயது. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முப்பத்துநாலு வருஷம் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவள். மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு தரையில் இருப்பவனிடம் "வெள்ளை இன்னும் ரெண்டு டப்பா அனுப்பு" என்று கத்திக் கத்தியே தொண்டை பழகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொன்னாலும் தரைக்குக் கேட்கும். இரவு பதினொரு மணிவரை டிவி பார்ப்பாள். டிவியில் வருபவர்களுக்குப் பதிலும் சொல்வாள்.

"அம்மா, மணி ஒன்பது."

"தெரியும் பாப்பா. நீ தூங்கு. நான் சத்தத்தைக் குறைச்சுட்டேன்."

"டிவி சத்தத்தைக் குறைச்சே. உன் சத்தம்?"

"நான் என்ன பண்ணேன்? அந்தப் பொம்பளை கையெழுத்துப் போடப் போறா. வேண்டாம்னு சொன்னேன். இதுகூடச் சொல்லக் கூடாதா?"

மகளுக்கு நாற்பத்தேழு வயது. அம்மாவுக்கு இன்னும் 'பாப்பா'. கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் பாப்பா தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். தலைக்கு நேரே டிவி வெளிச்சம் பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் பஸ் ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் போனது. நின்றிருந்த ஏழு பேரும் கையைக் காட்டினார்கள். டிரைவரும் பார்த்தாள். பார்த்தது மூளைக்குப் போய்ச் சேர அரை ஃபர்லாங் ஆனது. உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டபிறகு நிறுத்தினாள். ஏழு பேரும் ஓடிவந்து ஏறினார்கள். கடைசியாக ஏறியவர், "ஏம்மா, காலையில எக்சர்சைஸ் நல்லதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

டெப்போ மேலாளர் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"தூக்கம் இல்லையா?"

"இருக்கு சார். நடுவுல டிவி இருக்கு."

"ஒரு மாசம் டைம் தர்றேன். சரி பண்ணிக்கோங்க. இல்லைன்னா மத்தியான ஷிஃப்டுக்கு மாத்திடுவேன்."

முதல்வண்டி மத்தியான வண்டி ஆவதா? அன்று சாயங்காலமே நைலான் கயிறும் இரண்டு பெட்ஷீட்டும் எடுத்தாள்.

கயிற்றை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கட்டி, பெட்ஷீட்டைத் தொங்கவிட்டாள். பதினோரடிக் கயிறு துணியின் கனத்தில் நடுவில் தொய்ந்து, தொட்டில் மாதிரி ஆனது. அந்தத் தொய்வுக்கு மேலே டிவி வெளிச்சம் முன்னைவிடச் சௌகரியமாக வந்தது. இழுத்துக் கட்டினாள். ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது.

"இது பூச்சு மட்டும்தான் பிடிச்சிருக்கு. உள்ளே செங்கல்ல ஏறல" என்றாள் அம்மா. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "மேல் பூச்சே ஒண்ணரை விரல் இருக்கு. எவன் பூசினானோ" என்று முகம் தெரியாத ஒரு கொத்தனாரையும் திட்டினாள்.

அம்மா டிவியோடு ஒரு இயர்போனைச் சொருகிக்கொண்டு பார்த்தாள். அது இன்னும் மோசம். டிவி சத்தம் கேட்டால் எப்போது சிரிப்பு வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். இப்போது மயான அமைதி நிலவும், திடீரென்று "அடப்பாவி!" என்று ஒரு குரல் வெடிக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் வெல்டர் உள்ளே வருகிறார். டெப்போவின் பட்டறையில் பஸ்களின் நசுங்கிய உடம்பைச் சரிசெய்பவர். ஐம்பது வயது, ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம், மனைவி இறந்து எட்டு வருஷம். அதிகம் பேசமாட்டார். டெப்போ ஆபீசில் கழித்துப்போட்ட பழைய இரும்பு ஷெல்ஃப் ஒன்று கிடந்தது. அவள் அதை மேலாளரிடம் கேட்டு வாங்கினாள். அதை நாலு மாடி ஏற்றிக் கொடுக்க வெல்டர் வந்தார். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த முதல் வெளியாள் அவர்.

ஷெல்ஃப் ஆறடி உயரம், ஏழடி நீளம், இரண்டு பக்கமும் திறப்பு. அறையின் நடுவில் குறுக்கே நிறுத்தினார்கள். அம்மா பெயின்ட் டப்பாக்கள், பாத்திரம், துணி என்று எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள். கனமானதை எல்லாம் கைக்கு எட்டும் மேல்தட்டில் வைத்தாள். அடுக்கி முடித்ததும் பார்த்தால், சமையல் மேடைப் பக்கம் பகல் பன்னிரண்டு மணிக்கே அந்தி சாய்ந்துவிட்டது. ஒரே ஜன்னலையும் ஷெல்ஃப் மறைத்துக்கொண்டு நின்றது.

"குகை மாதிரி இருக்கே" என்றாள் மகள்.

"காய் நறுக்கவே டார்ச் வேணும்" என்றாள் அம்மா.

வெல்டர் யோசனையோடு ஷெல்ஃபில் சாய்ந்தார். ஷெல்ஃபும் அவரோடு சாய்ந்தது. அவர் பிடித்து நிறுத்துவதற்குள் மேல்தட்டு டப்பாக்கள் வரிசையாக இறங்கி, தரையில் உருண்டு, ஒன்று கதவைத் தாண்டிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி இறங்கிய சத்தம் தரைத்தளம்வரை கேட்டது. யாருக்கும் அடியில்லை. வெல்டரின் சட்டையில் மட்டும் இளநீல பெயின்ட்.

"தனியா நிக்கிற ஷெல்ஃப் இப்படித்தான் செய்யும்" என்றார் அவர், பிழை முழுக்க ஷெல்ஃபினுடையது போல. "எதோடயாவது முடுக்கணும். கனமெல்லாம் கீழ் தட்டுல இருக்கணும்." ஒரு டப்பாவைப் பொறுக்கிக்கொண்டே, "குறுக்கேயும் நிக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு ஒரு வழி விடணும்" என்றார்.

பிறகு ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். "மேல இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே" என்றார்.

அப்படித்தான் பரண் கட்டில் வந்தது.

அறையின் உயரம் ஒன்பதரை அடி. வெல்டர் டேப்பை இழுத்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கீழே நடமாட ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவாக விட வேண்டும். சட்டமும் பலகையுமாக மூன்று அங்குலம். மெத்தை நாலு அங்குலம். அதற்குமேல் தடிமன் கூடாது. மிச்சம் சரியாக மூன்றடி. மேலே ஆள் தலை இடிக்காமல் உட்காரலாம்.

"கீழ நீங்க நின்னா இடிக்குமே?" என்றாள் முதல்வண்டி.

"நான் இங்க எதுக்கு நிக்கப்போறேன்?" என்றார் வெல்டர். சொல்லிவிட்டு, ஏனோ டிக்கெட்டை மறுபடி மறுபடி பார்த்தார்.

திட்டம் இது. குளியலறைச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் பரண். பழைய கட்டிலை எடுத்துவிட்டு மேலே மகள், கீழே தரை மெத்தையில் அம்மா. ஜன்னலைப் பார்த்த கால்மாட்டில், பரணின் இரண்டு தூண்களுக்கு நடுவே ஷெல்ஃபை நீளத்தில் நாலடியாகவும் உயரத்தில் ஓர் அங்குலம் குறைத்தும் வெட்டிப் பொருத்துவது. நடைபாதைப் பக்கம் முழுக்கத் திரை. ஜன்னல் பக்கம் மிஞ்சுவது பதினோரடிக்குப் பதினோரடி: அதுதான் ஹால். 'ஹால்' என்ற சொல்லை அம்மா ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்து சுவரில் துளை போட அனுமதி கேட்டார்கள். காலி செய்யும்போது அடைத்துக் கொடுத்தால் சரி என்றாள்.

"அடைச்சா எங்க ஓட்டை இருந்துச்சுன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியாது" என்றாள் அம்மா. விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனாள். பக்கச் சுவர் 'டக்' என்றது. குளியலறைச் சுவர் 'தொம்' என்றது. "இதுல போல்ட் போடாதீங்க. பொள்ளல். அதோட தண்ணிக் குழாய் இதுக்குள்ளதான் ஏறுது. ஓட்டை போட்டா மெத்தையில குளிக்கலாம்."

வெல்டர் மரியாதையோடு தலையாட்டினார். போல்ட் எல்லாம் பக்கச் சுவருக்கே மாறியது. நாலு தூணும் தரையில் நின்றன.

அடுத்த சிக்கல் ஃபேன். கூரையின் நட்டநடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. பரணின் ஓரத்துக்கும் இறக்கைக்கும் நடுவில் அரையடிதான் இடைவெளி. "சோம்பல் முறிச்சா விரல் நாலும் போயிடும்" என்றார் வெல்டர். கூரை ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கச் சுவரில் ஒன்றும் திரைக்குள்ளே சின்னதாக ஒன்றும் மாட்டினார்கள். சூடான காற்று மேலேதான் போய்த் தங்கும் என்று பரணின் தலைமாட்டில் ஒரு குட்டி ஃபேனும் கவ்விக்கொண்டு உட்கார்ந்தது.

இரண்டு ஞாயிறு வேலை. சட்டத்தைப் பட்டறையிலேயே துண்டுதுண்டாகச் செய்துவந்து இங்கே போல்ட் போட்டு மாட்டினார். முழுசாகப் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தால் படிக்கட்டு வளைவிலேயே அது குடியிருந்திருக்கும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போகப் பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கினார். மெத்தைக்கு மேலே ஓரடி நிற்கும்படி கம்பித் தடுப்பு. ஆடும்போது கிறீச் என்ற இடங்களில் எல்லாம் பழைய டயர் டியூபை வெட்டி, வட்டம் வட்டமாகப் போல்டுக்கு அடியில் கொடுத்தார். கிறீச் நின்றது. ஏணிக்கு உருண்டைக் கம்பி போட்டிருந்ததை அம்மா காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "உள்ளங்கால் வலிக்கும். பட்டையாப் போடுங்க" என்றாள். மறுநாள் நாலு விரல் அகலத்துக்குப் பட்டைப் படிகள் வந்தன. திரைக்குத் தடித்த துணி, உள்ளே கறுப்பு லைனிங், கயிறு இல்லாமல் பரணின் தூண்களுக்கு நடுவே ஓடும் தண்டவாளம். மேலே ஒரு சாண் இடைவெளி, காற்றுக்கு.

எல்லாம் முடிந்தது. அம்மா தூண்களுக்கு இளநீல பெயின்ட் அடித்தாள். "மேல ஏறிப் பாரு பாப்பா" என்றாள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முதல்வண்டிக்கு உயரம் என்றால் பயம். மேம்பாலத்தில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போவாள், அது வேறு. அங்கே கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் ஆள் தேடப் போய்விடுவாள். பதினோரு வருஷம் குளியலறை பல்பை வாட்ச்மேன்தான் செருப்போடு வந்து மாற்றிவிட்டுப் போனார். திட்டம் போடும்போதே சொல்லியிருக்கலாம். மூன்று மாடி உயரத்தில் முப்பத்துநாலு வருஷம் நின்ற அம்மாவின் முன்னால் எப்படிச் சொல்வது? படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் எல்லா உயரமும் ஒன்றுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டே ஏறினாள். தவழ்ந்து மெத்தையில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் வெல்டர் கீழிருந்து.

"நல்லா இருக்கு."

"கண்ணைத் திறந்து சொல்லு" என்றாள் அம்மா.

திறந்தாள். கீழே வெல்டரின் தலை உச்சி தெரிந்தது. அதில் சிறு வழுக்கை. அதற்குப் பிறகு அவளால் அசைய முடியவில்லை. கால் மணி நேரம் ஆனது. "டீ ஆறுது" என்றார்கள். "வர்றேன், வர்றேன்" என்றாள். அரை மணி நேரம் ஆனது. வெல்டருக்குப் புரிந்துவிட்டது, ஜன்னல் பக்கம் போய் ஏதோ திருகாணியைத் தேடுவதுபோல முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த உபகாரத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

அம்மா ஏணியில் நாலு படி ஏறி, தாழ்ந்த குரலில் பேசினாள். அவளிடம் அப்படியொரு குரல் இருப்பதே மகளுக்கு அன்றுதான் தெரியும்.

"திரும்பு. முகம் சுவத்துப் பக்கம். கம்பியைப் பிடி. கீழ பார்க்காதே, உன் கையைப் பாரு. இடது கால். இன்னும் கொஞ்சம் கீழ. ம், அதான் படி. இப்ப வலது."

இறங்கினாள். டீ ஆறித்தான் போயிருந்தது. குடித்தாள்.

வெல்டர் போனபிறகு அம்மா சொன்னாள்: "இதுல என்ன இருக்கு? மேல நான் படுத்துக்கிறேன். நீ கீழ படு."

"வேண்டாம்."

"ஏன்?"

"அறுபத்தாறு வயசு அம்மாவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டான்னு பேசுவாங்க."

"யாரு பேசுவாங்க? நம்ம வீட்டுக்கு யாரு வர்றாங்க பேசறதுக்கு?"

"யாராவது பேசுவாங்க. நீ ராத்திரி பாத்ரூம் போக எறங்கும்போது விழுந்தா?"

"ஒரு கையில வாளி, ஒரு கையில பிரஷ்ஷோட மூங்கில்ல எறங்கினவடி நான். இது என்ன, கைப்பிடி வெச்ச ஏணி. மாலை போட்டு வரவேற்காததுதான் குறை."

"வேண்டாம்னா வேண்டாம்மா."

மகளின் பிடிவாதம் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் மேலே பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பரணில் இரண்டு சூட்கேஸ்கள் படுத்துத் தூங்கின. அம்மா கீழே திரைக்குள். முதல்வண்டி ஹாலில், தரையில், டிவிக்கு முன்னால். இவ்வளவு இரும்பும் பலகையும் போட்டபிறகும் அவள் இருந்த இடம் மாறவில்லை. மேலாளர் கொடுத்த ஒரு மாசத்தில் ஒன்பது நாள்தான் பாக்கி.

அந்த ஒன்பது நாளும் இப்படியே போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தாள். வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. சூட்கேஸ் இரண்டும் கீழே, ஷெல்ஃபின் அடித்தட்டில் செருகியிருந்தன. திரை இழுத்துக் கட்டியிருந்தது. கீழ் மெத்தையில் புது உறை போட்டு, தலையணைமேல் மகளின் போர்வை மடித்து வைத்திருந்தது. மேலேயிருந்து சீரான ஒரு குறட்டை வந்தது.

"அம்மா?"

குறட்டை நின்றது. கம்பித் தடுப்புக்கு மேலே நரைத்த தலை எட்டிப் பார்த்தது.

"வந்துட்டியா? இங்க எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா? தரையில படுத்தா ஈரம் முதுகுல ஏறுது. உன்கிட்ட சொன்னா ஃபீல் பண்ணுவியேன்னு சொல்லல."

"எறங்கும்மா."

"எறங்க மாட்டேன். நாலு நாளா நீ வேலைக்குப் போன பிறகு இங்கதான் தூங்கறேன். காலையில சூட்கேஸை எறக்கி, மத்தியானம் மறுபடி ஏத்தி, எனக்கே போரடிச்சுப் போச்சு."

அம்மா மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே இன்னும் நாலு விரல் இடம் இருந்தது. அந்த மூன்றடி அவளுக்காகவே அளந்ததுபோல் இருந்தது. அவள் முகத்தில் ஒரு களை. சாரத்திலிருந்து இறங்கி ஆறு வருஷம் ஆகிறது; அதற்குப் பிறகு அவள் எந்த இடத்திலிருந்தும் யாரையும் குனிந்து பார்க்கவில்லை என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஜன்னல் வழியா ரெண்டு தெரு தெரியுது இங்கேருந்து" என்றாள் அம்மா. "அந்த மூணாவது கட்டடத்துக்கு ஒரு கோட்டு பெயின்ட்தான் அடிச்சிருக்கான். திருட்டுப்பய."

"விழுந்தீன்னா?"

"விழுந்தா அப்ப பேசிக்கலாம்" என்று ஆரம்பித்தவள், மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "சரி. ஏணிப் பக்கம் ஒரு சின்ன லைட் போடச் சொல்லு. மேல் படிக்கிட்ட பிடிச்சுக்க ஒரு கம்பி நீளமா வேணும். முகத்தைச் சுவத்துப் பக்கம் வெச்சுத்தான் எறங்குவேன். போதுமா?"

போதும் என்று மகள் சொல்லவில்லை. ஆனால் அன்று எட்டு மணிக்குத் திரைக்குள் போய்ப் படுத்தாள். கறுப்பு லைனிங் டிவி வெளிச்சத்தைச் சொட்டுக்கூட விடவில்லை. சத்தம் வேறு, துணி சத்தத்தைத் தடுக்காது. ஆனால் கால்மாட்டு ஷெல்ஃபில் அம்மா இப்போது துணிமணி, போர்வை, பழைய பத்திரிகைக் கட்டு என்று இடைவெளி இல்லாமல் அடைத்து வைத்திருந்தாள். 'அடப்பாவி' அதற்குள் புகுந்து வரும்போது பாதிக்கும் கீழே தேய்ந்துபோய், யாரோ பக்கத்துத் தெருவில் திட்டு வாங்குவதுபோல்தான் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். அலாரம் அடித்தபோதுதான் விழித்தாள். நடுவில் அம்மா எப்போது டிவியை அணைத்தாள், எப்போது ஏறினாள், ஒன்றும் தெரியாது. டயர் டியூப் அதன் வேலையைச் செய்திருந்தது.

மேலாளர் பதினைந்து நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் உட்காரச் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

வெல்டர் லைட்டும் கம்பியும் மாட்ட வந்தார். அடுத்த ஞாயிறு போல்ட் எல்லாம் முடுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் போல்ட்டைப் பார்க்க வந்தார். ஹாலில் இப்போது இரண்டு நாற்காலியும் ஒரு மடக்கு மேஜையும் இருந்தன. படுக்கை எதுவும் கண்ணில் படவில்லை. ஆகவே அவர் நெளியாமல் உட்கார்ந்தார். அம்மாவோடு சீட்டாடினார், தோற்றார். ஒவ்வொரு தடவையும் டீத் தம்ளரைச் சமையல் மேடையில் வைக்கப் போகும்போது, போகிற வழியில் திரை ஓரமாக எதற்காவது குனிந்து நிமிர்ந்து, பரணின் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"அளந்தது நீங்கதானே?" என்றாள் முதல்வண்டி மூன்றாவது தடவை.

"அப்ப எனக்குத் தெரியாதே" என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டு.

"என்ன தெரியாது?"

அவர் தம்ளரைக் கழுவப் போனார். அம்மா சீட்டைக் கலைப்பதில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்தினாள். அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் சட்டத்தின் மேல் ஒரு துண்டு டயர் டியூப் சுற்றியிருந்தது. சுற்றியது அவரல்ல.

வீட்டுக்காரம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். வாசலில் நின்று பார்த்தவள், உள்ளே வந்தாள். ஹாலில் ஒரு சுற்று, திரையை விலக்கி ஒரு பார்வை, அண்ணாந்து ஒரு பார்வை.

"இது இப்ப ரெண்டு ரூம் வீடாயிடுச்சே!" என்றாள். "ரெண்டு ரூமுக்கு வாடகையே வேறயாச்சே?"

மேலேயிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மா துள்ளித் திரும்பினாள். அங்கே ஓர் ஆள் படுத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"தாராளமா வாங்கிக்கோங்கம்மா. ரெண்டாவது ரூமுக்கு ஜன்னல் எங்க, கதவு எங்கன்னு காட்டிட்டு வாங்கிக்கோங்க. இல்லைன்னா இதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறோம். உங்களுக்கு ஒரு ரூமும் எட்டு ஓட்டையும் மிச்சம்."

வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். அண்ணாந்துகொண்டு ஒருவரோடு சண்டை போடுவது எளிதல்ல, கழுத்து வலிக்கும். கடைசியில், "ஏணி தாங்குமா?" என்று கேட்டாள். ஏறியும் பார்த்தாள். இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து மூன்றாவது கட்டடத்தின் பெயின்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார்கள். வாடகை ஏறவில்லை. போகும்போது, மேல் மாடியில் இருக்கும் தன் சித்தி மகனுக்கும் இப்படி ஒன்று செய்துதர முடியுமா என்று வெல்டரின் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. பரண் வந்தபிறகுதான் அந்த வீட்டில் முதல் உண்மையான சண்டை நடந்தது. அதுவரை அம்மாவும் மகளும் சண்டை போட்டதே இல்லை என்று சொல்ல முடியாது, முடித்ததில்லை. ஒரே அறையில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? முகத்தைத் திருப்பினால் எதிர்ச்சுவர் கண்ணாடியில் அதே முகம் தெரியும். பாதியில் விட்டுவிட்டு, "சாப்பிடறியா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இப்போது வசதி வந்துவிட்டது. கலர் விஷயத்தில் ஆரம்பித்தது. ஹால் சுவருக்கு மஞ்சள் என்றாள் அம்மா. வெள்ளை போதும் என்றாள் மகள். மஞ்சள் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்றாள் அம்மா. வெள்ளை இன்னும் அதிகமாகக் கொடுக்கும் என்றாள் மகள். "பெயின்ட்டைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்றாள் அம்மா. "வீடு என் பேர்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள் மகள், சொல்லியிருக்கக் கூடாது. அம்மா ஒன்பது படியும் ஏறிப்போய், குட்டி ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மகள் திரையைத் தண்டவாளம் கதறும்படி சர்ரென்று இழுத்தாள். இரண்டு பேரும் தத்தம் இடத்தில் நிம்மதியாகக் கோபமாக இருந்தார்கள்.

முக்கால் மணி நேரம் ஆனது. மேலே பலகை லேசாக அசைந்தது. திரையின் மேல் இடைவெளி வழியாக ஒரு கை இறங்கியது. தோல் உரித்த ஆரஞ்சுச் சுளைகள் நாலு, ஒரு காகிதத்தில்.

"மஞ்சள் வேண்டாம்" என்றது மேலேயிருந்து. "லேசான கிரீம்?"

முதல்வண்டி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு லேசான?"

"உங்கப்பா பல் கலர்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேலே அம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள் போல. பரண் முழுக்கச் சத்தமில்லாமல் குலுங்கியது.